ஆலோசகரின் அறிமுகக் குறிப்பில் 20 சதவீதத்துக்கு ஏன் இடமில்லை

"25 ஆண்டு அனுபவம் கொண்ட முன்னணி நிதி ஆலோசகர். செபி அங்கீகாரம் பெற்றவர். எம்.பி.ஏ., சி.எஃப்.பி. 1,200 குடும்பங்களின் செல்வத்தை வளர்த்தவர். இவருடைய பரிந்துரைகள் கடந்த 3 ஆண்டுகளில் சராசரியாக 20 சதவீத வருமானம் தந்துள்ளன. உங்கள் ஓய்வுக்காலத்தை உறுதிசெய்வது எங்கள் பொறுப்பு."

இந்த ஆறு வாக்கியங்களும் நான் மாதிரிக்காக எழுதியவை. ஆனால் தமிழ்நாட்டின் எந்த ஊரிலும், துண்டறிக்கையிலோ விழா மலரின் விளம்பரப் பக்கத்திலோ, இதே தொனியில் ஒரு குறிப்பை வாசகர் பார்த்திருப்பார். எழுதியவர் மோசடிக்காரராக இருக்க வேண்டிய அவசியமில்லை. இந்த மாதிரியில் அவரை நேர்மையான மனிதராகவே வைத்துக்கொள்வோம். கோயம்புத்தூரில் அலுவலகம் வைத்திருக்கிறார், படித்தவர், வாடிக்கையாளரின் நலனை நினைப்பவர். அப்படிப்பட்டவர் எழுதினாலும் இந்தக் குறிப்பில் விதிகளோடு ஒத்துப்போகும் வாக்கியம் ஒன்றுகூட இல்லை. ஏன் என்று வாக்கியம் வாக்கியமாகப் பார்த்தால், ஒரு ஆலோசகர் தன்னைப் பற்றி எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதன் எல்லைக்கோடு தெளிவாகும்.

முதலில் விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி, முதலீட்டு ஆலோசகர்களுக்கான ஒழுங்குமுறையை 2013 ஜனவரியில் வெளியிட்டது. அந்த ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. 2020இலும் 2024 டிசம்பரிலும் அதில் பெரிய திருத்தங்கள் நடந்தன. இடையில், 2023 ஏப்ரலில், ஆலோசகர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் தனியாக ஒரு விளம்பர நெறிமுறையைச் செபி சுற்றறிக்கையாகக் கொண்டுவந்தது. முதலீட்டாளரின் முடிவைப் பாதிக்கக்கூடிய எந்தத் தகவல்தொடர்பும் விளம்பரம்தான் என்கிறது அது. துண்டறிக்கை, குறுஞ்செய்தி, கருத்தரங்க உரை, காணொளி எல்லாமே அதில் அடங்கும். ஆகவே, "இது என் அறிமுகம்தான், விளம்பரமில்லை" என்று யாரும் ஒதுங்கிக்கொள்ள முடியாது. படித்தவர் பணத்தோடு வந்து கதவைத் தட்ட வேண்டும் என்பதற்காக எழுதப்படும் அறிமுகக் குறிப்பும் விளம்பரமே.

முதல் வாக்கியத்தில் இரண்டு சிக்கல்கள். "முன்னணி" என்ற சொல் உடனே விழுந்துவிடும். "சிறந்த", "முதலிடம்", "முன்னணி" போன்ற உயர்வுச் சொற்களை 2023 நெறிமுறை பெயர் சொல்லியே விலக்குகிறது. உண்மையாகவே ஒரு விருது கிடைத்திருந்தால் அந்தத் தகவலைச் சொல்லலாம். அதற்கு மேல் தன்னைப் பிறரோடு ஒப்பிட்டு உயர்த்திக்கொள்ள முடியாது.

"25 ஆண்டு அனுபவம்" என்பதுதான் நுட்பமான சிக்கல். நம் ஆலோசகர் 2000 முதல் 2011 வரை ஒரு வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் வேலை பார்த்தார். அடுத்த ஆறு ஆண்டுகள் மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தராக இருந்தார். 2017இல்தான் முதலீட்டு ஆலோசகராகப் பதிவு செய்துகொண்டார். எல்லாவற்றையும் கூட்டினால் 2025இல் 25 ஆண்டு வருவது உண்மைதான். ஆனால் வாசிப்பவர் மனத்தில் பதிவது "25 ஆண்டாக ஆலோசனை சொல்கிறார்" என்பது. வீட்டுக்கடன் விண்ணப்பத்தைச் சரிபார்ப்பது வேறு, கமிஷனுக்கு ஃபண்ட் விற்பது வேறு, கட்டணம் வாங்கிக்கொண்டு வாடிக்கையாளர் பக்கம் நின்று ஆலோசனை சொல்வது வேறு. மூன்றிலும் அறிவு சேரும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இரண்டாவதில் பணம் கொடுத்தவர் ஃபண்ட் நிறுவனம். மூன்றாவதில் பணம் கொடுப்பவர் வாடிக்கையாளர். இந்த வேறுபாட்டை மறைக்கும் கூட்டுத்தொகை, ஒவ்வொரு எண்ணும் சரியாக இருந்தும், தவறான எண்ணத்தைத் தருகிறது. நேரடியாகவோ, உட்பொருளாலோ, விட்டுவிடுவதாலோ தவறாக வழிநடத்தும் கூற்று எதுவாக இருந்தாலும் கூடாது என்கிறது நெறிமுறை. விட்டுவிடுவதும் அந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனிக்க வேண்டும்.

அனுபவத்தைப் பற்றிய வாக்கியம் இன்று முன்பைவிட முக்கியமாகிவிட்டது. 2020 திருத்தத்துக்குப் பின் புதிதாகப் பதிவு கோரும் தனிநபருக்கு முதுகலைப் பட்டமோ தொழில்முறைத் தகுதியோ இருக்க வேண்டும், அதோடு ஐந்து ஆண்டு அனுபவமும் வேண்டும் என்றிருந்தது. 2024 டிசம்பர் திருத்தம் அந்த அனுபவ நிபந்தனையை எடுத்துவிட்டது. பட்டப்படிப்பே போதும் என்றாகிவிட்டது. துறைக்குள் அதிகம் பேர் வர வேண்டும் என்பது செபியின் நோக்கம், அது நியாயமானதே. அதன் விளைவு என்னவென்றால், பதிவு எண் இருப்பதால் மட்டும் ஒருவருக்கு அனுபவம் இருக்கிறது என்று இனி முடிவுகட்ட முடியாது. அனுபவத்தைப் பற்றி வாசகருக்குக் கிடைக்கும் முதல் தகவல் ஆலோசகரே எழுதும் குறிப்புதான். எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, என்ன வேலை, யாரிடமிருந்து ஊதியம் என்று அவர் பிரித்து எழுதினால்தான் அது தகவல்.

"செபி அங்கீகாரம் பெற்றவர்" என்ற அடுத்த வாக்கியம் பழக்கத்தில் எல்லோரும் எழுதுவது. செபி செய்வது பதிவு மட்டும்தான். குறைந்தபட்சத் தகுதி இருக்கிறதா, விண்ணப்பதாரர் தகுதியும் நேர்மையும் உள்ளவரா என்று பார்த்து ஒரு எண்ணைத் தருகிறது. அவருடைய ஆலோசனை நல்லது என்று அது எங்கும் சொல்வதில்லை. இந்தக் குழப்பம் வரும் என்று தெரிந்தே, பதிவும் தேர்வுச் சான்றிதழும் ஆலோசகரின் செயல்திறனுக்கோ முதலீட்டாளரின் வருமானத்துக்கோ எந்த உத்தரவாதமும் ஆகாது என்ற பொறுப்புத் துறப்பு வாசகத்தைச் செபி கட்டாயமாக்கியிருக்கிறது. செபியின் இலச்சினையை விளம்பரத்தில் பயன்படுத்தவும் தடை. அமெரிக்காவின் 1940ஆம் ஆண்டு முதலீட்டு ஆலோசகர் சட்டத்திலும் இதே தடை இருக்கிறது: அரசோ அதன் அமைப்போ தன்னைப் பரிந்துரைத்ததாகவோ ஒப்புதல் தந்ததாகவோ ஆலோசகர் காட்டிக்கொள்ளக்கூடாது. ஒழுங்காற்று அமைப்பின் பெயரைத் தரமுத்திரையாகக் காட்டும் ஆசை பழையது, நாடு பார்க்காதது.

எழுத வேண்டியது "செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர் (தனிநபர்)" என்பதும் பதிவு எண்ணும். முதலீட்டு ஆலோசகரின் எண் INA என்ற எழுத்துகளில் தொடங்கும். பின்னால் ஒன்பது இலக்கங்கள் வரும். INH என்று தொடங்கினால் அவர் ஆய்வாளர். பங்குகளைப் பற்றிய ஆய்வறிக்கையும் பரிந்துரையும் தரலாம், ஒரு குடும்பத்தின் வரவு செலவைப் பார்த்துத் தனிப்பட்ட திட்டம் போட்டுத்தர அந்தப் பதிவு போதாது. ARN என்பது மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தருக்கு உரிய எண். விநியோகஸ்தர் தொழிலில் தவறேதும் இல்லை. ஆனால் ஆலோசகராகப் பதிவு பெறாத விநியோகஸ்தர் தன்னை 'சுயேச்சை நிதி ஆலோசகர்' என்றோ 'செல்வ ஆலோசகர்' என்றோ அழைத்துக்கொள்வதை 2020 திருத்தம் தடுக்கிறது. முகவரி, தொலைபேசி, பதிவின் வகை, தொடர்புடைய செபி வட்டார அலுவலகத்தின் முகவரி ஆகியவற்றையும் ஆலோசகர் தன் அச்சுப் பிரதிகளிலும் கடிதங்களிலும் காட்ட வேண்டும் என்று 2020 செப்டம்பர் சுற்றறிக்கை கேட்கிறது. பலருக்கு இது வெறும் சம்பிரதாயமாகத் தெரியலாம். ஏமாந்தவர் எங்கே போய்ப் புகார் கொடுக்க வேண்டும் என்பதை ஏமாறும் முன்பே சொல்லிவைக்கும் ஏற்பாடு அது.

"எம்.பி.ஏ., சி.எஃப்.பி." என்று மூன்றாவது வாக்கியம் இரண்டு தகுதிகளை ஒரே வரிசையில் நிறுத்துகிறது. எம்.பி.ஏ. ஒரு பட்டம், பெற்றால் வாழ்நாள் முழுதும் இருக்கும். சி.எஃப்.பி. அப்படியல்ல. ஆண்டுதோறும் புதுப்பித்தால்தான் அந்த எழுத்துகளைப் பெயருக்குப் பின்னால் போட உரிமை உண்டு. நம் ஆலோசகர் தேர்வில் தேறியவர்தான், ஆனால் 2021க்குப் பின் புதுப்பிக்கவில்லை. எனவே அந்த மூன்று எழுத்துகளும் போக வேண்டும். மாறாக, அவர் எழுத மறந்த ஒன்று இருக்கிறது. தேசியப் பத்திரச் சந்தை நிறுவனமான நிஸ்ம் நடத்தும் முதலீட்டு ஆலோசகர் தேர்வுகள் இரண்டு நிலைகளில் உள்ளன. எக்ஸ்-ஏ, எக்ஸ்-பி என்று துறையில் சொல்வார்கள். சான்றிதழுக்குக் காலக்கெடு உண்டு. அது முடியும் முன் புதுப்பிக்க வேண்டும். சட்டப்படி இவருக்கு ஆலோசனை சொல்லும் தகுதியைத் தருவதில் முக்கியமானது இந்தச் சான்றிதழ். கவர்ச்சி இல்லை என்பதால் விடுபட்டுவிட்டது. ஒரு குறிப்பில் பட்டத்தை எங்கே, எந்த ஆண்டு பெற்றார் என்பதும், சான்றிதழ் எதுவரை செல்லும் என்பதும் இருந்தால் வாசகர் சரிபார்க்க முடியும்.

"1,200 குடும்பங்கள்" என்ற எண் அதிகம் யோசிக்காமல் எழுதப்பட்டது. ஆனால் விதி தெரிந்தவர் கண்ணில் அது உடனே உறுத்தும். தனிநபராகப் பதிவு பெற்ற ஆலோசகர் 300 வாடிக்கையாளரைத் தாண்டினாலோ, ஓர் ஆண்டில் வாங்கும் கட்டணம் 3 கோடி ரூபாயைத் தாண்டினாலோ அவர் நிறுவனமாக மாறிப் பதிவு கோர வேண்டும். அப்படியென்றால் 1,200 எங்கிருந்து வந்தது? விநியோகஸ்தராக இருந்த காலத்தில் ஃபண்ட் வாங்கியவர்களையும் சேர்த்துக்கொண்டிருக்கிறார். இப்போது ஒப்பந்தம் போட்டுக் கட்டணம் செலுத்துபவர்கள் 140 குடும்பங்கள். அதை எழுதலாம், எந்தத் தேதியில் என்ற குறிப்போடு. "செல்வத்தை வளர்த்தவர்" என்பதை எழுத முடியாது. அந்த வளர்ச்சியில் எவ்வளவு சந்தையால் வந்தது, எவ்வளவு அந்தக் குடும்பம் மாதாமாதம் சேமித்ததால் வந்தது, எவ்வளவு இவர் சொன்னதால் வந்தது என்று யாராலும் பிரித்துக் காட்ட இயலாது.

இனி 20 சதவீதம். இந்தக் கட்டுரையின் மையம் இதுதான், ஏனென்றால் இங்கே பொய் இல்லை. நம் ஆலோசகர் பரிந்துரைத்த ஒரு முதலீடு முதல் ஆண்டில் 50 சதவீதம் ஏறியது, இரண்டாம் ஆண்டில் 30 சதவீதம் இறங்கியது, மூன்றாம் ஆண்டில் 40 சதவீதம் ஏறியது என்று வைத்துக்கொள்வோம். 50இலிருந்து 30ஐக் கழித்து 40ஐக் கூட்டினால் 60. மூன்றால் வகுத்தால் 20. சராசரி 20 சதவீதம் என்பது கணக்குப்படி சரி.

ஒரு லட்சம் ரூபாய் போட்டவரின் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். முதல் ஆண்டின் முடிவில் 1,50,000. இரண்டாம் ஆண்டில் அதில் 30 சதவீதம், அதாவது 45,000 போய் 1,05,000. மூன்றாம் ஆண்டில் 40 சதவீதம் ஏறி 1,47,000. ஆண்டுக்கு உண்மையாகவே 20 சதவீதம் கூட்டுவட்டியாக வளர்ந்திருந்தால் 1,72,800 இருந்திருக்க வேண்டும். 1,47,000 என்பது ஆண்டுக்குச் சுமார் 13.7 சதவீத வளர்ச்சி. 20க்கும் 13.7க்கும் உள்ள இடைவெளி முழுதும் "சராசரி" என்ற கணக்குமுறையால் வந்தது. யாரும் எதையும் திருத்தவில்லை.

அடுத்து, இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில் வந்து சேர்ந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய ஒரு லட்சம் 70,000 ஆகி, பிறகு 98,000 ஆனது. அதே ஆலோசகர், அதே முதலீடு, அதே பரிந்துரை; இவருக்கு இரண்டு ஆண்டு கழித்து 2,000 ரூபாய் நட்டம். 70,000 ஆனபோது பயந்து வெளியேறியவருக்கு 30,000 நட்டம். இந்த மூவரில் யாருடைய வருமானத்தைக் குறிப்பில் எழுதுவது? வெளியேறியவர்கள் பொதுவாகக் கணக்கிலிருந்தே காணாமல் போகிறார்கள். தொடர்ந்து இருப்பவர்களை மட்டும் எண்ணி எடுத்த சராசரி எப்போதும் அழகாகவே இருக்கும்.

இதற்கு மேல் ஒரு அடிப்படைச் சிக்கலும் உண்டு. ஆலோசகரின் கையில் வாடிக்கையாளரின் பணம் இருப்பதில்லை. மியூச்சுவல் ஃபண்டுக்கு ஒரே தொகுப்பு, தினமும் வெளியாகும் ஒரே மதிப்பு, அதற்கு ஒரு தணிக்கை. ஆலோசகரின் 140 குடும்பங்களுக்கு 140 வேறு வேறு தொகுப்புகள். மகளின் கல்லூரிச் செலவுக்கு இரண்டு ஆண்டில் பணம் வேண்டியவருக்கு அவர் சொன்னது குறைந்த அபாயமுள்ள கடன்பத்திர ஃபண்டு. முப்பது வயதுக்காரருக்குச் சொன்னது பங்கு ஃபண்டு. இரண்டையும் கலந்து எடுக்கும் எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை. கலக்காமல் ஒன்றை மட்டும் எடுத்தால் அது நன்றாக ஓடியதாகத்தான் இருக்கும். இந்தத் தேர்வை வெளியிலிருந்து யாரும் பார்க்க முடியாது என்பதால்தான் ஆலோசகர் தன் விளம்பரத்தில் கடந்தகால வருமானத்தைச் சுட்டிக்காட்டுவதை 2023 நெறிமுறை தடுத்தது.

எண் எவ்வளவு தூரம் இழுபடும் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு வழக்கு. டைட்டன் என்ற ஆலோசனை நிறுவனம் தன் கிரிப்டோ திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 2,700 சதவீதம் வரை என்று விளம்பரம் செய்தது. அந்த எண், மூன்று வார வருமானத்தை ஓராண்டுக்கு நீட்டிக் கணக்கிட்டது. 2023 ஆகஸ்டில் அமெரிக்க ஒழுங்காற்று அமைப்பு நடவடிக்கை எடுத்து, பிற குற்றச்சாட்டுகளுக்கும் சேர்த்துப் பத்து லட்சம் டாலருக்கு மேல் கட்டவைத்தது. அமெரிக்க விதி கடந்தகால வருமானத்தை முற்றிலும் தடுப்பதில்லை. எப்படிக் காட்ட வேண்டும் என்று நிபந்தனை போடுகிறது. இந்திய விதி வாயிலிலேயே நிறுத்தியது.

இந்தத் தடையில் நேர்மையான ஆலோசகருக்கு ஒரு மனக்குறை உண்டு, அது நியாயமும்கூட. கவனமாக வேலை செய்தவருக்கும் அலட்சியமாகச் செய்தவருக்கும் குறிப்பில் வேறுபாடு காட்ட வழியில்லாமல் போகிறது. பதிவே இல்லாதவர்கள் சமூக ஊடகத்தில் லாபத்தின் திரைப்பிடிப்புகளைப் போட்டுக்கொண்டிருக்க, பதிவு பெற்றவர் மட்டும் வாயைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். 2025 ஏப்ரலில் செபி அறிவித்த சரிபார்ப்பு முகமை ஏற்பாடு இதற்கான பதில். கேர் ரேட்டிங்ஸ் நிறுவனம் சரிபார்ப்பு முகமையாகவும், தேசியப் பங்குச் சந்தை தரவு மையமாகவும் இயங்க, ஆலோசகர் விரும்பினால் பதிந்துகொண்டு, தன் பரிந்துரைகளை அவை வெளியாகும்போதே தரவாகக் கொடுக்க வேண்டும். முகமை கணக்கிட்டுச் சான்றளிக்கும் எண்ணைத்தான் அவர் காட்டலாம். நன்றாக ஓடியதைப் பின்னால் பொறுக்கியெடுக்க முடியாது. வருமானத்தோடு அபாயத்தின் அளவும் சேர்ந்தே வரும். இதுதான் சரியான பாதை என்று நினைக்கிறேன். சரிபார்க்க முடியாத 20ஐவிடச் சரிபார்க்கப்பட்ட 11 வாசகருக்குப் பயன்படும். ஆனால் தனித்தனிக் குடும்பத்துக்குத் திட்டம் போடும் ஆலோசகருக்கு அந்த எண்ணும் ஓரளவே பொருந்தும். பங்குப் பரிந்துரை தருபவருக்குத்தான் அது இயல்பாகப் பொருந்துகிறது.

கடைசி வாக்கியத்தில் எண்ணே இல்லை: "உங்கள் ஓய்வுக்காலத்தை உறுதிசெய்வது எங்கள் பொறுப்பு." உறுதியான வருமானம் என்றோ அபாயமற்றது என்றோ வாக்குக் கொடுப்பது மட்டுமல்ல, அப்படி ஓர் எண்ணம் உண்டாகும்படி சொல்வதும் தடைக்குள் வரும். "வங்கி வைப்பைவிடக் கூடுதலாகக் கிடைக்கும்", "முதலுக்கு மோசமில்லை", "கவலையில்லாமல் தூங்குங்கள்" எல்லாம் இதே வகை. வாடிக்கையாளர் ஒருவரின் பாராட்டுக் கடிதத்தில் "இரண்டே ஆண்டில் இரட்டிப்பானது" என்றிருந்து, அதை ஆலோசகர் குறிப்பில் சேர்த்தால், வாய் வேறொருவருடையதாக இருந்தாலும் விளம்பரம் ஆலோசகருடையதுதான்.

உத்தரவாதத்தைத் தடுப்பதற்கு அடிப்படைக் காரணம் எளிது. வருமானத்துக்கு உறுதி தருபவர், வராவிட்டால் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும். வங்கி வைப்புக்குப் பின்னால் வங்கியின் மூலதனமும், ஐந்து லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடும் நிற்கின்றன. ஆலோசகருக்குப் பின்னால் என்ன நிற்கிறது? 2024 திருத்தத்தின்படி, 150 வாடிக்கையாளர் வரை உள்ளவர் வைக்க வேண்டிய வைப்புத்தொகை ஒரு லட்சம் ரூபாய். நம் ஆலோசகரின் 140 குடும்பங்கள் தலைக்கு 20 லட்சம் முதலீடு செய்திருந்தால் மொத்தம் 28 கோடி. சந்தை பத்து சதவீதம் இறங்கினாலே 2 கோடியே 80 லட்சம் குறையும். அதை ஈடுகட்ட அவரிடம் எதுவும் இல்லை. இருக்க வேண்டும் என்று விதியும் கேட்கவில்லை. கொடுக்க வழியில்லாதவர் தரும் உறுதிமொழி, மனத்தில் வஞ்சனை இல்லாமல் சொன்னாலும், வெற்றுச் சொல்.

தமிழ்நாட்டில் இந்தத் தடைக்குத் தனியான பொருள் உண்டு. சீட்டு, வங்கி வைப்பு, ஆயுள் காப்பீட்டுப் பாலிசி என்று முதிர்வுத் தொகையை முன்கூட்டியே கேட்டுப் பழகியவர்கள் நாம். "எவ்வளவு கிடைக்கும்?" என்பதுதான் முதல் கேள்வி. அந்தக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொன்னவர்களிடம் பணம் போனதன் விளைவையும் பார்த்திருக்கிறோம். மாதம் 25 முதல் 30 சதவீதம் வரை தருவதாகச் சொல்லி மக்களிடம் பணம் திரட்டியதாக 2022இல் பதிவான ஆருத்ரா வழக்கில் பணம் போட்டவர்கள் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர். அது செபியின் ஆலோசகர் விதிக்குள் வரும் விவகாரம் அல்ல; வைப்புத்தொகை திரட்டிய வழக்கு. ஆனால் "இவ்வளவு உறுதி" என்ற சொல்லுக்கு மயங்கும் மனம் இரண்டு இடத்திலும் ஒன்றே. உறுதி சொல்லாத ஆலோசகரைத் திறமையற்றவர் என்று நினைக்கும் வாசகர், உறுதி சொல்பவரிடம் போய்ச் சேர்வார்.

இத்தனையும் நீக்கிவிட்டால் எழுத என்ன மிஞ்சும் என்று ஆலோசகர் கேட்கலாம். மிஞ்சுவது அதிகம், அதுவே பயனுள்ளதும். மருத்துவர் தன் பலகையில் படிப்பையும் பதிவு எண்ணையும் பார்க்கும் நோய்களையும் எழுதுகிறார். பிழைத்தவர் கணக்கை எழுதுவதில்லை. ஆலோசகர் எப்படி வேலை செய்கிறார் என்பதை எழுதலாம். வாடிக்கையாளரின் அபாயம் தாங்கும் திறனை மதிப்பிட்டு, அதற்குப் பொருந்தும் ஆலோசனையைத் தருவது சட்டப்படியான கடமை. அதை எப்படிச் செய்கிறார் என்பதில் ஒவ்வொருவரும் வேறுபடுவார்கள். யாரிடமிருந்து பணம் வாங்குகிறார் என்பது எல்லாவற்றையும்விட முக்கியம். தனிநபர் ஆலோசகர் விநியோகத் தொழில் செய்யக்கூடாது. அவருடைய ஆலோசனை பெறும் வாடிக்கையாளருக்கு அவர் குடும்பத்தாரும் விற்கக்கூடாது. இதை ஒரே வரியில் சொல்லிவிடும் குறிப்பு, பத்து பட்டங்களைச் சொல்லும் குறிப்பைவிட எனக்கு நம்பகமானது. யாருக்கு ஆலோசனை சொல்வதில்லை என்பதையும் எழுதலாம். ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது இருந்தால் அதை வாடிக்கையாளருக்கு வெளிப்படுத்துவது கடமை. இல்லையென்றால் தேதியோடு இல்லை என்று எழுதுவதில் தவறில்லை.

நம் ஆலோசகரின் குறிப்பைத் திருத்தி எழுதினால் இப்படி வரும்:

"செபியில் 2017 முதல் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர் (தனிநபர்), பதிவு எண்ணும் முகவரியும் கீழே. நிதி மேலாண்மையில் எம்.பி.ஏ. நிஸ்ம் எக்ஸ்-ஏ, எக்ஸ்-பி சான்றிதழ்கள் நடப்பில் உள்ளன. 2000 முதல் 2011 வரை வங்கியின் வீட்டுக்கடன் பிரிவில் பணி. 2011 முதல் 2017 வரை கமிஷன் பெறும் மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர். அந்தத் தொழிலை 2017இல் விட்டுவிட்டேன். இப்போது 140 குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்கிறேன். பெரும்பாலோர் மாதச் சம்பளக்காரர்களும் ஓய்வுபெற்றவர்களும். ஆண்டுக் கட்டணத்தை வாடிக்கையாளரிடம் மட்டுமே பெறுகிறேன். எந்த நிறுவனத்திடமும் கமிஷன் பெறுவதில்லை. தினசரி வர்த்தகத்துக்கும் எஃப் அண்ட் ஓ வணிகத்துக்கும் ஆலோசனை சொல்வதில்லை. முதலீட்டின் மதிப்பு குறையவும் கூடும். எந்த வருமானத்துக்கும் என்னால் உறுதி தர இயலாது."

இதன் கீழே, சந்தை அபாயம் பற்றிய செபியின் எச்சரிக்கை வாசகமும் பொறுப்புத் துறப்பும், ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் வர வேண்டும். நெறிமுறைப்படி விளம்பரத்துக்கு மேற்பார்வை அமைப்பின் முன் ஒப்புதல் பெற வேண்டும். அதன் பிரதியை ஐந்து ஆண்டுகள் பாதுகாக்கவும் வேண்டும். முதல் குறிப்பைவிட இது நீளம், மினுக்கம் குறைவு. ஆனால் இதில் உள்ள எந்த வாக்கியத்தையும் எடுத்துக்கொண்டு, "இதற்கு ஆதாரம் காட்டுங்கள்" என்று வாசகர் கேட்கலாம், அவர் காட்டவும் முடியும். முதல் குறிப்பில் அது முடியாது.

வாசகர் செய்ய வேண்டியது இரண்டு. பதிவு எண்ணைச் செபியின் தளத்தில் உள்ள பட்டியலில் தேடிப் பார்ப்பது முதல் வேலை. எண் இருக்கிறது என்பதோடு நின்றுவிடக்கூடாது. உண்மையான ஆலோசகரின் பெயரையும் எண்ணையும் திருடிப் போலிக் குறிப்பு தயாரிப்பவர்கள் உண்டு. குறிப்பில் உள்ள தொலைபேசி எண்ணுக்குப் பதில், செபியின் பட்டியலில் உள்ள தொடர்பு விவரத்தை வைத்து அவரை அணுக வேண்டும்.

இரண்டாவது, நேரில் பேசும்போது கவனிப்பது. குறிப்பை விதிப்படி எழுதிவிட்டு, தொலைபேசியில் "எழுத்தில் தர முடியாது, ஆனால் 15 சதவீதத்துக்குக் குறையாது" என்று சொல்பவர் இருக்கலாம். வாடிக்கையாளரோடு நடக்கும் ஆலோசனைப் பேச்சுகளுக்குப் பதிவு வைத்திருக்க வேண்டும், அதை ஐந்து ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்று விதி இருப்பது இதற்காகத்தான். அப்படி யாராவது சொன்னால், அதையே மின்னஞ்சலில் அனுப்பும்படி கேளுங்கள். அனுப்பத் தயங்கினால் அந்த 15 சதவீதத்தை அவரே நம்பவில்லை.